சாட்பாட் தந்த தமிழைச் சரிபார்ப்பது எப்படி? பனியன் கம்பெனி அறிவிப்பு ஒன்றை முன்வைத்துச் சில கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கத்துப் பின்னலாடை நிறுவனங்களுக்கு ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் விதிமுறைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றைத் தமிழாக்கித் தையல் லைனில் ஒட்ட வேண்டிய வேலை மனிதவளப் பிரிவில் இருப்பவர் தலையில் விழுகிறது. அவரும் இப்போது சாட்பாட்டிடம் கொடுத்து வாங்கிவிடுகிறார். அப்படி வாங்கிய தமிழை ஒட்டுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது என்று கேட்பவர்களுக்காக எழுதிய பதில்கள் இவை. எல்லாப் பதில்களுக்கும் ஒரே அறிவிப்பை, அதாவது தையல் ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பை, எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். அதில் என்ன தெரியும்?

ஆங்கில மூலத்தில் இருந்த செய்தி தமிழில் விடுபட்டிருக்கிறதா, தலைகீழாகிவிட்டதா என்பது தெரியும். எண்கள், 'கூடாது' போன்ற எதிர்மறைகள், 'மட்டும்', 'வரை', 'இல்லாவிட்டால்' போன்ற நிபந்தனைகள், யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு ஆகியவை இந்தச் சோதனையில் நன்றாகவே பிடிபடும். இது சாட்பாட் காலத்தில் வந்த வழக்கமும் இல்லை. ஒரு நாட்டில் எழுதிய கேள்வித்தாளை வேறு மொழியினரிடம் கொண்டுபோகும் ஆய்வாளர்களுக்காக ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970ஆம் ஆண்டிலேயே இதை முறைப்படுத்தி எழுதினார். மருத்துவ ஆய்வுகளின் ஒப்புதல் படிவங்களுக்கும் இதே முறை வெகுநாளாகப் பயன்பட்டு வருகிறது. அங்கெல்லாம் அடிப்படை விதி ஒன்றுதான்: திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருபவர் மூல ஆங்கிலத்தைக் கண்ணால் பார்த்திருக்கக் கூடாது.

இப்படித் திரும்பி வரும் ஆங்கிலத்தை இனி மறுபெயர்ப்பு என்று குறிப்பிடுகிறேன்.

மொழிபெயர்த்த அதே உரையாடலிலேயே 'இதை ஆங்கிலத்தில் சொல்' என்று கேட்டால் ஆகாதா?

ஆகாது. அந்த உரையாடலின் மேல்பகுதியில் மூல ஆங்கிலம் அப்படியே கிடக்கிறது. தமிழில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தாலும், மேலே இருப்பதைக் கொண்டு சாட்பாட் அதை நிரப்பி, மூலத்தை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தந்துவிடும். பார்ப்பவருக்குத் தமிழ் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். ஆகையால் புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, பழைய உரையாடல்களை நினைவில் வைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டு, தமிழ் வாக்கியங்களை மட்டும் எண்ணிட்டுக் கொடுக்க வேண்டும். வேறொரு நிறுவனத்தின் சாட்பாட்டிடம் கொடுப்பது இன்னும் மேல்.

கேட்கும் முறையும் முக்கியம். பிழையான தமிழைக் கொடுத்தாலும் ஒழுங்கான ஆங்கிலமாகச் செப்பனிட்டுத் தருவது இந்தக் கருவிகளின் இயல்பு. அதனால் நான் இப்படிக் கேட்பது வழக்கம்: 'கீழே உள்ள தமிழ் வாக்கியங்களைச் சொல்லுக்குச் சொல் நெருக்கமாக ஆங்கிலத்தில் எழுது. பிழையைத் திருத்தாதே, விடுபட்டதை நிரப்பாதே. இரண்டு பொருள் வரும் இடத்தில் இரண்டையும் எழுது.' கடைசி வாக்கியம்தான் அதிகம் உதவுகிறது.

ஊசி அறிவிப்பில் இது எதைப் பிடித்தது?

முதலில் அந்த நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் அணியும் ஆடையில் ஊசித் துண்டு ஒன்று தங்கிவிட்டால் சரக்கு முழுவதும் திரும்பி வரும் அளவுக்குச் சிக்கலாகிவிடும் என்பதால், பையர்கள் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஊசி உடைந்தவுடன் டெய்லர் மெஷினை நிறுத்திச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். எல்லாத் துண்டுகளும் கிடைக்கும் வரை அந்த இடத்திலிருந்து எந்தத் துணியும் நகரக் கூடாது. கிடைத்த துண்டுகளை ஒன்று சேர்த்துப் பார்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுவார்கள். உடைந்த ஊசியை எல்லாத் துண்டுகளோடும் ஒப்படைத்தால் மட்டுமே புது ஊசி கிடைக்கும். துண்டு கிடைக்காவிட்டால் அந்த பண்டலில் உள்ள பீஸ்கள் அனைத்தும் மெட்டல் டிடெக்டர் சோதனைக்குப் போகும்.

ஆங்கில மூலத்தில் இவையெல்லாம் இருந்தன. ஊசி உடைந்ததைத் தெரிவித்ததற்காக யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்ற உறுதியும், ஆடையை அணியும் குழந்தையின் பாதுகாப்புக்கு நாம் எல்லோரும் பொறுப்பு என்ற முடிப்பும் இருந்தன. சாட்பாட் தந்த தமிழில் மூன்றாம் வாக்கியம் இப்படி வந்தது: 'உடைந்த ஊசியைக் கொடுத்தால் புதிய ஊசி வழங்கப்படும்.' படிக்க நல்ல தமிழ்தான். ஆனால் மறுபெயர்ப்பை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 'மட்டும்' என்ற நிபந்தனையும் 'எல்லாத் துண்டுகளோடும்' என்ற நிபந்தனையும் காணவில்லை. இந்தத் தமிழைப் படிக்கும் டெய்லர், ஊசியின் மேல்பாதியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் புது ஊசி வாங்கி வேலையைத் தொடரலாம் என்று நினைப்பதில் தவறே இல்லை. நடைமுறையின் உயிர்நாடியே அந்த இரண்டு நிபந்தனைகளில்தான் இருந்தது.

இப்படிப்பட்ட விடுபடல் கண்ணில் பட வேண்டுமானால், மறுபெயர்ப்பை வாங்குவதற்கு முன்பே மூல ஆங்கிலத்தில் உள்ள எண்கள், எதிர்மறைகள், நிபந்தனைகள் எல்லாவற்றையும் பேனாவால் கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கோடிடாமல் இரண்டு ஆங்கிலத்தையும் மேலோட்டமாகப் படித்தால், 'ஏறக்குறைய ஒன்றுதான்' என்று மனம் தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

திரும்பி வந்த ஆங்கிலம் மாறியிருந்தால் தமிழ் தப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

உடனே அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்காம் வாக்கியத்தில் சாட்பாட் 'அந்த ஆடை சோதிக்கப்படும்' என்று எழுதியிருந்தது. ஒரு கருவி இதை ஓர் ஆடை என்று ஆங்கிலமாக்கியது. இன்னொன்று பல ஆடைகள் என்று ஆக்கியது. தமிழில் அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை என்பதால் இரண்டுமே நியாயமான வாசிப்புகள்தான். மாற்றம் எங்கே நேர்ந்தது என்று அறிய ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழ் வாக்கியத்தையே பார்க்க வேண்டும். இங்கே ஒரு பீஸா, பண்டல் முழுவதுமா என்பதில் டெய்லருக்கே ஐயம் வரும். ஆகவே 'அந்த பண்டலில் உள்ள எல்லா பீஸ்களும்' என்று தெளிவாக எழுதிவிடுவதே சரி. ஐயம் வராத இடத்தில் ஆங்கிலம் சற்று வேறாகத் திரும்பி வந்தாலும் தமிழைத் தொட வேண்டாம். மறுபெயர்ப்பு மூலத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டும் என்று தமிழை வளைத்துக்கொண்டே போனால், கடைசியில் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுதியது போல ஆகிவிடும்.

ஒரு வித்தியாசமும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டது. அதற்கப்புறமும் ஆள் வைத்துப் படிக்க வேண்டுமா?

அப்போதுதான் மிகவும் வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ்தான் சொல்லுக்குச் சொல் பிசகாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பும். அந்தப் பிசகாமையே தமிழ் இயல்பாக இல்லை என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். ஐந்தாம் வாக்கியத்தைப் பாருங்கள்: 'உடைந்த ஊசியைப் புகாரளிப்பதற்காக எவரும் தண்டிக்கப்பட மாட்டார்கள்.' மறுபெயர்ப்பில் இது மூலத்தின் ஐந்தாம் வாக்கியமாகவே திரும்பி வந்தது. ஆனால் செக்கிங் பகுதியில் வேலை செய்யும் பெண் ஒருவரிடம் காட்டியபோது, அவர் படித்துவிட்டு, 'ஏனுங்க, புகாருன்னா யாரு மேலைங்க குடுக்கோணும்?' என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருக்கிறது. ஊசி உடைந்ததைச் சூப்பர்வைசரிடம் சொல்வது சாதாரணச் செயல். புகார் என்பது ஒருவர்மேல் கொடுப்பது. அறிவிப்பை அப்படியே ஒட்டியிருந்தால், யாரோ ஒருவரை மாட்டிவிடச் சொல்கிறார்கள் என்றுதான் லைனில் பேசியிருப்பார்கள். தண்டனை என்ற சொல்லும் போலீஸ், கோர்ட்டு வாடையோடு வருகிறது. பயத்தைப் போக்குவதற்காக எழுதிய வாக்கியம் பயத்தைக் கூட்டிவிடும். பயந்த டெய்லர் உடைந்த ஊசியை மறைப்பார். பையர் எதைத் தடுக்க நினைத்தாரோ அதுவே நடக்கும். தொனி என்பது அழகு பார்க்கும் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

கடைசி வாக்கியத்திலும் இதே கதை. 'நாங்கள் அனைவரும் பொறுப்பு' என்று சாட்பாட் எழுதியது. தமிழில் நாங்கள் என்றால் படிப்பவர் அதில் சேர்த்தியில்லை. நிர்வாகம் தன்னை மட்டும் சொல்லிக்கொள்கிறது என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், எத்தனை முறை மறுபெயர்ப்பு செய்தாலும் இந்தக் குறை வெளியே தெரியாது. நீ, நீங்கள் வேறுபாடும் அப்படித்தான் மறைந்துபோகும். ஓர் அறிவிப்பின் முதல் வரியில் 'தெரிவிக்கவும்' என்று மரியாதையாகத் தொடங்கி நடுவில் 'நிறுத்து' என்று ஒருமைக்கு இறங்கியிருந்தால், அதை வாசகர் ஒருவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

எதிர்ப்பக்கத்துக் குறையும் உண்டு. 'எந்த ஆடையையும் நகர்த்த வேண்டாம்' என்பது தடை போலத் திரும்பி வந்தாலும், தமிழ்க் காதுக்கு அது ஒரு வேண்டுகோள். மீறவே கூடாத இடத்தில் 'எடுத்துச் செல்லக் கூடாது' என்றே எழுத வேண்டும். வரிக்கு வரி தயவுசெய்து போடுவதும் வேண்டாம். நம் ஊர் அறிவிப்புப் பலகையில் அது பணிவாகக் கேட்பதில்லை, சலிப்போடு சொல்வது போலக் கேட்கிறது.

யாரிடம் படிக்கக் கொடுப்பது? எங்கள் மேனேஜரே கொங்கு நாட்டுக்காரர்தான்.

தாய்மொழி தமிழ் என்பது மட்டும் போதாது; அந்த அறிவிப்பு யாருக்காக ஒட்டப்படுகிறதோ அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். மேனேஜர் மூல ஆங்கிலத்தைப் படித்துவிட்டார். தமிழ் வாக்கியம் தடுமாறினாலும் அவருடைய மனம் ஆங்கிலத்தைக் கொண்டு அதைப் புரிந்துகொண்டுவிடும். பள்ளித் தமிழாசிரியரிடம் கொடுத்தால் ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் திருந்தும். அது தேவையான வேலைதான், ஆனால் வேறு வேலை.

இருவரிடம் கொடுப்பது நல்லது. ஒருவர் பவர் டேபிளில் பல ஆண்டு இருந்த டெய்லராகவும், இன்னொருவர் புதிதாகச் சேர்ந்த ஹெல்பராகவும் இருக்கட்டும். பழையவருக்கு நடைமுறை தெரியும் என்பதால் வாக்கியத்தில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவார். புதியவர் தடுமாறும் இடமே உண்மையான தடுமாற்றம். வேலை நேரத்திலேயே உட்கார வைத்துக் கேளுங்கள். ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவரிடம் நீட்டினால் என்ன பதில் கிடைக்கும் என்பது தெரிந்ததே.

கொடுத்தோம். 'நல்லாத்தானுங்க இருக்குது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதை வைத்து என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது. ஆபீஸிலிருந்து வந்த தாளை முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் பக்கத்து ஆட்கள் கூச்சப்படுவார்கள். சரியா என்று கேட்டால் சரி என்றுதான் வரும். எழுதியவர் வேறு ஒருவர் என்றும், குறை கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத் தாளைக் கண்ணில் காட்டாதீர்கள். பிறகு அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு எங்கே நிற்கிறதோ, எந்த வரியைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறாரோ, அங்கே ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாய்திறந்து குறை சொல்லாவிட்டாலும் அந்தக் குறிகள் சொல்லிவிடும்.

படித்து முடித்ததும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, 'இப்போது உங்கள் ஊசி உடைகிறது, அடுத்து என்னென்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். எல்லாத் துண்டுகளையும் தேட வேண்டும் என்பது அந்தப் பதிலில் வராவிட்டால் வாக்கியம் தோற்றுவிட்டது என்று பொருள். அடுத்து, 'இதை உங்களிடம் யார் பேசுவது போல இருக்கிறது?' என்று கேளுங்கள். தொனியைப் பற்றி நேராகக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு 'வக்கீல் நோட்டீஸ் மாதிரி', 'முதலாளி கோவமா இருக்கற மாதிரி' என்று உடனே பதில் வரும். ஊசி அறிவிப்பு எனக்குத் தெரிந்தவரை சூப்பர்வைசர் நிதானமாகச் சொல்வது போல இருந்தால் போதும்.

அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய வாக்கியம் பெரும்பாலும் அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கும்.

அப்படியானால் அறிவிப்பையே கொங்குத் தமிழில் எழுதிவிடலாமே?

எழுத வேண்டாம் என்பது என் எண்ணம். திருப்பூர் லைன்களில் தேனி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். 'சொல்லோணும்', 'பாக்கோணும்' என்று அச்சில் ஒட்டினால் கோபிச்செட்டிபாளையத்துக்காரரே அதைக் கேலியாகத்தான் பார்ப்பார். எளிய எழுத்துத் தமிழ், அதற்குள் லைனில் புழங்கும் சொற்கள் என்ற கலவையே சரியாக அமைகிறது. பணிநிலையம், மேற்பார்வையாளர், உலோகக் கண்டறிவான் என்று சாட்பாட் எழுதும் இடத்தில் மெஷின் பக்கம், சூப்பர்வைசர், மெட்டல் டிடெக்டர் என்று போட்டுவிடலாம். அதே செய்தியை மைக்கில் சொல்வதாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே 'ஊசி ஒடைஞ்சா ஒடனே சொல்லிப்போடுங்க' என்று பேசுவதுதான் காதில் ஏறும்.

படித்தவர் சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

சொல்லை மாற்றலாம், வாக்குறுதியை மாற்ற அவருக்கும் உங்களுக்கும் அதிகாரம் இல்லை. ஐந்தாம் வாக்கியத்துக்கு அந்தச் செக்கிங் பெண், 'ஊசி உடைந்ததைச் சொன்னால் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம்' என்று எழுதச் சொன்னார். லைனில் இருப்பவர்களின் உண்மையான பயம் அதுதான் என்பதால் இந்த வாக்கியம் நன்றாகவே போய்ச் சேரும். ஆனால் மூலத்தில் இருந்தது தண்டனை இல்லை என்ற விரிந்த உறுதி. சம்பளப் பிடித்தம் அதில் ஒரு பகுதி மட்டுமே. வேலையை விட்டு நிறுத்துவது, லைன் மாற்றிப் போடுவது, எல்லோர் முன்னும் திட்டுவது ஆகியவை இந்த மாற்றத்தில் வெளியே போய்விடுகின்றன.

அதனால் தொனிக்காகத் திருத்திய வாக்கியத்தை மறுபடியும் ஒருமுறை மறுபெயர்ப்புக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியபோது இந்தக் குறுக்கம் ஆங்கிலத்தில் பளிச்சென்று தெரிந்தது. பிறகு நிர்வாகத்தின் ஒப்புதலோடு வாக்கியம் இப்படி அமைந்தது: 'ஊசி உடைந்ததைச் சொன்னதற்காக யார்மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம், சம்பளத்திலும் பிடிக்க மாட்டோம்.' மூன்றாம் வாக்கியம், 'உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தால் மட்டுமே புது ஊசி தரப்படும்' என்று ஆனது. இரண்டாம் சுற்றிலும் வாசகர் தடுமாறினால் மூன்றாம் சுற்றுக்குப் போவதைக் காட்டிலும், அந்த வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் புதிதாக எழுதிவிடுவது வேகமான வழி.

ஆடிட்டுக்கு வருகிறவருக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் எதைக் காட்டுவது?

மூல ஆங்கிலம், ஒட்டிய தமிழ், அதன் கடைசி மறுபெயர்ப்பு, படித்துப் பார்த்தவர்களின் குறிப்புகள், தேதி ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். படித்தவர்களின் பெயருக்குப் பதில் அவர்கள் பார்க்கும் வேலையை எழுதினால் போதும். மறுபெயர்ப்பும் மூலமும் வேறுபடும் இடத்தில், ஏன் வேறுபடுகிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எதுவும் எழுதாத வேறுபாட்டைத்தான் ஆடிட்டர் கேள்வியாக்குவார்.

ஒடிசா, பிகார் ஆட்களுக்கு இந்தத் தமிழையே ஒடியாவுக்கும் இந்திக்கும் மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒவ்வொரு மொழிக்கும் மூல ஆங்கிலத்திலிருந்தே தொடங்கி, அந்தந்த மொழிக்காரரிடம் படிக்கக் கொடுங்கள்.

வேலை ஒப்பந்தம், மருத்துவப் படிவம் ஆகியவற்றுக்கும் இதே முறை போதுமா?

அவற்றுக்கு இது போதாது. அறிவிப்பில் ஒரு வாக்கியம் பிசகினால் மறுநாள் கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம். கையெழுத்து வாங்கிய தாளில் அது முடியாது. அங்கே இரு மொழியும் அந்தத் துறையும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் முதலிலிருந்தே எழுத வேண்டும். அவர் எழுதியதைச் சோதிக்க வேண்டுமானால் மறுபெயர்ப்பையும் வாசகரையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் தொழிலாளியின் பெயர், ஆதார் எண், நோய் விவரம் போன்றவற்றை நீக்கிய பிறகே அந்தத் தாளைச் சாட்பாட்டில் ஏற்ற வேண்டும்.